மருதாணிக்குப் பின் அவுரி: ஒரே கிண்ணத்தில் கலக்கலாமா, டெஸ்ட் வேண்டுமா?

"டாக்டர், எனக்கு 54 வயது. தலையில் பாதிக்கு மேல் நரை, முடி தோள் வரை இருக்கும். மூன்று மாதத்துக்கு முன் கடையில் வாங்கிய 'கறுப்பு மருதாணி' பாக்கெட்டைப் போட்டேன். மறுநாள் சாயங்காலம் நெற்றியும் காதும் அரிக்க ஆரம்பித்தன. அதற்கடுத்த நாள் கண்ணைத் திறக்க முடியாத வீக்கம். மாத்திரை சாப்பிட்டுச் சரியானது. தை மாதம் மகனுக்குக் கல்யாணம். மருதாணி போட்டு, அப்புறம் அவுரி போட்டால் கறுப்பாகும், இயற்கைதான் என்கிறாள் என் தங்கை. பக்கத்து வீட்டில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து ராத்திரி ஊறவைத்துப் போட்டார்கள். வெறும் செம்பட்டைதான் வந்தது. எனக்கு இது ஒத்துக்கொள்ளுமா? இலைப் பொடிக்குக்கூட டெஸ்ட் பண்ண வேண்டுமா?"
– ஒரு வாசகி, கரூர்

அம்மா, அந்தப் பழைய பாக்கெட்டில் மிச்சம் இருந்தால் பொடியைக் கொட்டிவிடுங்கள். அட்டையை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது பெரும்பாலும் அதில்தான் அச்சிட்டிருக்கும். எழுத்து பொடியாக இருந்தால் யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பாரா-பினைலீன்டைஅமீன், அதாவது பி.பி.டி. என்ற பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மருதாணி இலை எந்த ஊரில் விளைந்தாலும், எத்தனை மணி நேரம் ஊறினாலும் முடியைக் கறுப்பாக்காது. அது தருவது ஆரஞ்சு கலந்த சிவப்பு மட்டும்தான். தண்ணீரில் குழைத்து அரை மணியில் தலை கறுத்துவிடும் என்று ஒரு 'மருதாணி' பாக்கெட் சொன்னால், அங்கே வேலை செய்வது இலை இல்லை, அதில் கலந்திருக்கும் ரசாயனச் சாயம். பி.பி.டி. மிகச் சிறிய மூலக்கூறு. முடிக்குள் எளிதாக நுழைந்து, அங்கே ஆக்சிஜனேற்றம் அடைந்து கறுப்பாகிறது. குழம்பு வடிவச் சாயத்தில் அந்த ஆக்சிஜனேற்றத்துக்கு இரண்டாவது பாட்டில் ஒன்று தருவார்கள். பொடிப் பாக்கெட்டுகள் பலவற்றில் அதே வேலையைச் செய்யும் பேரியம் பெராக்சைடு பொடியோடேயே கலந்திருக்கும். அதனால்தான் வெறும் தண்ணீர் ஊற்றினாலே போதுமாக இருக்கிறது, பார்ப்பவருக்கும் இலைப் பொடி போலவே தெரிகிறது.

உங்களுக்கு வந்த வீக்கத்தின் வரிசையும் பி.பி.டி. ஒவ்வாமைக்கு அப்படியே பொருந்துகிறது. போட்ட அன்று ஒன்றும் இல்லை, மறுநாள் அரிப்பு, மூன்றாம் நாள் கண் வீக்கம். சாயம் பட்டது தலையில்தானே, வீங்கியது ஏன் கண் என்று பலர் குழம்புவார்கள். உச்சந்தலைத் தோல் தடிப்பானது. இமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது. தலையை அலசும்போது நெற்றி வழியாக வழிகிற தண்ணீர் போதும், இமையும் காது மடலும் வீங்கிவிடும். தலையில் லேசான அரிப்போடு நின்றிருக்கும்.

சுத்தமான மருதாணியிலும் அவுரியிலும் இருக்கும் சாயப் பொருட்கள் பி.பி.டி.யிலிருந்து முற்றிலும் வேறானவை. பி.பி.டி. ஒத்துக்கொள்ளாதவர்களில் மிகப் பெரும்பாலானோர் இந்த இரண்டையும் தொல்லையில்லாமல் போடுகிறார்கள். ஆகவே உங்கள் தங்கை சொன்ன வழி உங்களுக்குச் சரியான வழிதான். ஆனால் பாக்கெட்டில் இருப்பது நிஜமாகவே இலை மட்டும்தானா, அந்த இலையை உங்கள் தோல் ஏற்கிறதா என்ற இரண்டும் தெரிந்த பிறகுதான் தலையில் வைக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் டெஸ்ட். டெஸ்டை ஒழுங்காகச் செய்ய இரண்டு பொடிகளும் எப்படி வேலை செய்கின்றன என்று முதலில் தெரிய வேண்டும். பக்கத்து வீட்டில் செம்பட்டை வந்த காரணமும் அதிலேயே இருக்கிறது.

மருதாணி இலையில் இருக்கும் சாயப் பொருளின் பெயர் லாசோன். காய்ந்த இலையில் அது சர்க்கரையோடு பிணைந்த நிலையில் இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் புளிப்பும் சேர்ந்தால் மெதுவாக, மணிக்கணக்கில், பிரிந்து வெளிவருகிறது. எலுமிச்சைச் சாறு விடுவதும் ராத்திரி ஊறவைப்பதும் இதற்காகத்தான். வெளிவந்த லாசோன் முடியின் கெரட்டின் புரதத்தோடு வேதிப்பிணைப்பாகவே ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் எத்தனை ஷாம்பு போட்டாலும் மருதாணி நிறம் முழுதாகப் போவதில்லை.

அவுரி இதற்கு நேர் எதிர். இலையில் இண்டிகன் என்ற நிறமற்ற பொருள் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் இலையிலேயே இருக்கும் ஒரு நொதி அதை உடைத்து இண்டாக்சில் என்ற பொருளாக மாற்றுகிறது. இண்டாக்சில் தண்ணீரில் கரையும், முடிக்குள் நுழையும். காற்று பட்டவுடன் அது நீலமாகிவிடும். நீலம் தண்ணீரில் கரையாது. முடிக்குள் போன பிறகு நீலமானால் உள்ளேயே சிக்கி நிற்கும். கிண்ணத்திலேயே நீலமாகிவிட்டால் முடிக்குள் நுழைய வழியில்லை, மேலே பூச்சாக உட்கார்ந்து அலசும்போது போய்விடும். எனவே குழைத்த 10 முதல் 15 நிமிடத்துக்குள் தலைக்குப் போயாக வேண்டும். புளிப்பும் அதற்கு ஆகாது.

ராத்திரி முழுக்க எலுமிச்சையோடு ஊறிய கிண்ணத்தில் மருதாணி நன்றாகத் தயாராகியிருக்கும், அவுரி செத்துப் போயிருக்கும். பக்கத்து வீட்டுச் செம்பட்டைக்குக் காரணம் இதுதான். ஊறிய மருதாணியோடு, அப்போதே குழைத்த அவுரியைக் கடைசி நேரத்தில் கலந்து போடுகிறவர்களும் உண்டு. அது பழுப்பு நிறம் தரும். நரை பாதிக்கு மேல் இருக்கும்போது கறுப்பு வேண்டுமென்றால் தனித்தனியாக, முதலில் மருதாணி, பிறகு அவுரி என்பதுதான் நம்பகமானது. நரைமுடியில் அவுரியை மட்டும் தனியாகப் போட்டால் நீலமோ பச்சையோ அடிக்கும். அடியில் மருதாணியின் ஆரஞ்சு இருந்து மேலே நீலம் ஏறும்போதுதான் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிறது.

பொடி வாங்கும்போது ஒரு விஷயம். நாட்டு மருந்துக் கடையில் வெறுமனே 'அவுரி' என்று கேட்காதீர்கள். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் நிலவாகையையும் அவுரி என்றே சொல்வார்கள். அது மலமிளக்கி, முடிக்கு நிறம் தராது. 'நீல அவுரி' என்று கேட்டு வாங்குங்கள். அட்டையில் மருதாணிக்கு லாசோனியா இனெர்மிஸ், அவுரிக்கு இண்டிகோஃபெரா டிங்டோரியா என்ற தாவரப் பெயர் மட்டும் இருக்க வேண்டும், வேறெதுவும் கூடாது. நல்ல மருதாணிப் பொடி பெரும்பாலும் ராஜஸ்தானின் சோஜத் பக்கத்திலிருந்து வருவது. நீல அவுரி நம் திண்டிவனம் சுற்றுவட்டாரத்திலேயே விளைகிறது.

வீட்டில் ஒரு ஸ்பூன் அவுரிப் பொடியை வெள்ளைக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழைத்து வைத்துப் பாருங்கள். பச்சையாக இருந்த மேற்பரப்பில் பத்து நிமிடத்தில் கருநீலப் படலம் படர வேண்டும், கிளறினால் உள்ளே இன்னும் பச்சையாக இருக்க வேண்டும். படலமே வரவில்லை என்றால் பொடி பழசு, அல்லது அது அவுரியே இல்லை. மருதாணிக் குழம்பை ஒரு டிஷ்யூ காகிதத்தில் வைத்தால் ஓரத்தில் ஆரஞ்சு ஈரம் பரவும். மருதாணி என்று வாங்கியது தோலில் ஒரு மணி நேரத்திலேயே கன்னங்கரேல் என்று பிடித்தால் அதைத் தொடவே தொடாதீர்கள்.

இந்தச் சோதனைகள் எல்லாம் தாண்டினாலும் தோல் டெஸ்டை விட முடியாது. பாக்கெட்டில் எழுதாத பொருள் உள்ளே இருப்பதை எங்கள் மருத்துவமனைகளில் அடிக்கடிப் பார்க்கிறோம். சிவப்பு தூக்கலாக இருக்க வேண்டும் என்று மருதாணியில் சோடியம் பிக்ரமேட் என்ற ரசாயனச் சாயத்தைச் சேர்ப்பவர்கள் உண்டு. அவுரி என்று விற்கும் பொடியில் பி.பி.டி. கலந்திருப்பதும் உண்டு. கண்ணால் பார்த்து எல்லாவற்றையும் கண்டுபிடிக்க முடியாது, ஒருமுறை ஒவ்வாமை கண்டுவிட்ட உங்கள் தோல் கண்டுபிடித்துவிடும். அபூர்வமாக, சுத்தமான இலையே ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள்.

இந்த ஒவ்வாமை உடனே வரும் வகை இல்லை. உடம்பின் எதிர்ப்பணுக்கள் ஒரு பொருளை முதலில் சந்திக்கும்போது சத்தமில்லாமல் அதை நினைவில் வைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை அதே பொருள் பட்டால் அவை பெருகி அந்த இடத்துக்கு வந்து சேர ஒன்று முதல் மூன்று நாள் ஆகிறது. அந்த நினைவு வருடக்கணக்கில் அழிவதில்லை. 'அஞ்சு வருஷமா இதைத்தானே போடுறேன்' என்ற பேச்சுக்கு இங்கே மதிப்பில்லாமல் போவது இதனால்தான். ஆறாவது வருடம் நினைவு முற்றிப்போய் முகம் வீங்கலாம். பி.பி.டி. உள்ள தலைச்சாயத்தின் மேல் முன்கூட்டியே சோதிக்கச் சொல்லும் எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று நம் நாட்டு விதிகளே சொல்கின்றன. அட்டைகளில் வழக்கமாக 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். உங்களுக்கே மூன்றாம் நாள்தான் கண் மூடியது, நினைத்துப் பாருங்கள். என் நோயாளிகளுக்கு நான் 72 மணி நேரம் என்றுதான் சொல்கிறேன்.

உங்களுக்கான டெஸ்ட் இப்படி. பழைய வீக்கம் முழுதாக ஆறி மூன்று மாதம் ஆகிவிட்டது, நல்லது. ஸ்டீராய்டு மாத்திரை எதுவும் இப்போது சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் பாருங்கள். அது உள்ளே இருந்தால் டெஸ்ட் பொய்யாக 'ஒன்றுமில்லை' என்று காட்டிவிடும். தலைக்குப் போட எந்தப் பாக்கெட்டை வாங்கினீர்களோ அதே பாக்கெட்டிலிருந்து எடுங்கள். மருதாணியை ஊறவைத்து, இடது முழங்கை மடிப்பின் உட்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவு தடவி மூன்று மணி நேரம் விடுங்கள். அவுரியை அப்போதே குழைத்து வலது முழங்கை மடிப்பில் ஒன்றரை மணி நேரம். தலையில் எவ்வளவு நேரம் வைப்பீர்களோ அவ்வளவு நேரம் கையிலும் வைக்க வேண்டும். இரண்டு கையில் பிரித்து வைக்கச் சொல்வது, தொல்லை வந்தால் எந்தப் பொடி என்று தெரியட்டும் என்பதற்காக. பிறகு வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு அந்த இடத்தில் சோப்பு, எண்ணெய் எதுவும் போடாமல் மூன்று நாள் விடுங்கள்.

டெஸ்டைப் படிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இடது கையில் ஆரஞ்சு வட்டமும் வலது கையில் நீலச் சாம்பல் வட்டமும் இருக்கும், அது கறை, ஒவ்வாமை இல்லை. ஆனால் அந்தக் கறை சிவப்பை மறைத்துவிடும். நம் நிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரிவதும் இல்லை. கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோதான் தெரியும். எனவே கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள். காலையும் மாலையும் விரல் நுனியால் வட்டத்துக்கு வெளியிலிருந்து உள்ளே மெதுவாகத் தடவிப் பாருங்கள். வட்டத்தின் விளிம்பில் விரல் ஒரு மேட்டில் ஏறுகிறதா? மணல் போல நெருநெருவென்று பொடிப்பொடியாக இருக்கிறதா? கறையைத் தாண்டி வெளியே அரிப்பு பரவுகிறதா? நீர்க்கொப்புளம் ஏதும் இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பொடி தலைக்கு வேண்டாம். தடவிய சில நிமிடத்தில் எரிந்து, கழுவியதும் அடங்கிவிட்டால் அது பெரும்பாலும் எலுமிச்சையின் எரிச்சல். சாற்றைக் குறைத்து இன்னொரு தடவை பாருங்கள். தடவிய உடனே தடிப்புத் தடிப்பாக எழும்பினாலோ, மூச்சு இழுத்தாலோ, அது வேறு வகை ஒவ்வாமை; உடனே கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரே ஒரு பொருளை வீட்டில் டெஸ்ட் பண்ணிப் பார்க்கவே கூடாது, அது அந்தப் பழைய கறுப்புப் பாக்கெட். பி.பி.டி. தானா என்று உறுதியாகத் தெரிய தோல் மருத்துவரிடம் போங்கள். அளவிட்ட பி.பி.டி.யை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து, நான்காம் நாள் மறுபடியும் பார்ப்போம். அது உறுதியானால் வாழ்நாள் முழுக்க மற்ற தலைச்சாயங்கள் பலவற்றையும் தவிர்க்க வேண்டியிருக்கும். பென்சோகெய்ன் கலந்த மரப்பு மருந்துக் களிம்புகள்கூடச் சிலருக்கு ஆகாது. கல்யாண வீட்டில் கையில் வரையும் 'கறுப்பு மெஹந்தி' கோனும் இதில் சேர்த்திதான், மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு மருதாணியின் லாசோன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். வீட்டில் யாருக்காவது அந்தக் குறைபாடு இருப்பதாகச் சொல்லியிருந்தால் அவர்களுக்கு மருதாணியே வேண்டாம். பச்சைக் குழந்தைகளுக்கும் வேண்டாம்.

இரண்டு கையும் மூன்று நாள் சுத்தமாக இருந்தால் அடுத்து சீப்பில் உதிர்ந்த நரைமுடியைச் சேர்த்து நூலால் கட்டி, அதில் இரண்டையும் வரிசையாகப் போட்டு நிறம் பாருங்கள். தலையில் போட்டுவிட்டு வருத்தப்படுவதற்கு இது மேல்.

தோள் வரை முடிக்கு மருதாணி 100 கிராம், அவுரி 100 முதல் 150 கிராம் ஆகும். முந்தின நாள் ஷாம்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள். எண்ணெய் இருந்தால் இரண்டு நிறமும் சரியாகப் பிடிக்காது. மருதாணியை வெதுவெதுப்பான தண்ணீரும் இரண்டு ஸ்பூன் எலுமிச்சைச் சாறும் விட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்து மூடி வையுங்கள். கரூர் வெயிலுக்கு 6 மணி நேரமே போதும். பொடியைக் கொட்டும்போது முகக்கவசம் போடுங்கள். தூசியை மூச்சில் இழுத்தே தும்மலும் இழுப்பும் வருபவர்கள் இருக்கிறார்கள். கையுறை அவசியம். நெற்றியோரத்திலும் காது மேலும் வாசலின் தடவுங்கள். பாகம் பாகமாகப் பிரித்து வேரிலிருந்து அப்பி, மூன்று மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் அலசுங்கள். இப்போது நரையெல்லாம் பளீரென்று ஆரஞ்சாக இருக்கும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும்.

முடி ஈரமாக இருக்கும்போதே அவுரி. அதைக் கொதிக்கும் தண்ணீரில் குழைக்காதீர்கள், நொதி அழிந்துவிடும். கை பொறுக்கும் சூடு போதும். ஒரு ஸ்பூன் உப்புச் சேர்க்கும் வழக்கம் உண்டு, சேர்க்கலாம். எலுமிச்சை, தயிர், முட்டை எதுவும் வேண்டாம். மொத்தத்தையும் ஒரேயடியாகக் குழைக்காமல் பாதி குழைத்துப் போட்டு, அப்புறம் மீதியைக் குழைத்தால் கடைசிப் பாகத்துக்கும் உயிருள்ள அவுரி கிடைக்கும். கூட ஒருவர் இருந்தால் வேலை சீக்கிரம் ஆகும். உங்கள் தங்கையைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தொப்பியால் மூடி ஒன்றரை மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் அலசுங்கள். இரண்டு நாளைக்கு ஷாம்பு வேண்டாம். அலசியவுடன் முடி பச்சை கலந்த பழுப்பாகத் தெரியலாம். காற்று பட்டு நீலம் முழுதாக ஏற ஒன்றிரண்டு நாள் ஆகும்.

இரண்டு நாள் கழித்தும் அங்கங்கே ஆரஞ்சு தெரிந்தால் அந்த இடத்தில் அவுரி மெல்லியதாகப் பட்டிருக்கும் அல்லது நேரம் தாண்டிய குழம்பு பட்டிருக்கும். மருதாணியை மறுபடி தொட வேண்டாம், அவுரியை மட்டும் இன்னொரு முறை போடுங்கள். பச்சை மாறவே இல்லை என்றால் மருதாணி அந்த இடத்தில் ஏறவில்லை என்று பொருள். அதற்கு இரண்டையும் முதலிலிருந்து போட வேண்டும். கொஞ்ச வாரம் போனதும் முடி மெல்லச் செம்பட்டையாவது இயல்புதான். மருதாணி பிணைந்து நிற்கிறது, அவுரி உள்ளே சிக்கி மட்டுமே நிற்பதால் முதலில் அதுதான் வெளியேறுகிறது. அப்போது வேர்ப்பகுதிக்கு இரண்டும், மற்ற முடிக்கு அவுரி மட்டும் என்று போட்டால் போதும்.

கல்யாணத்துக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னதாக டெஸ்டை ஆரம்பியுங்கள், பத்து நாள் முன்னதாகத் தலைக்குப் போட்டு முடியுங்கள். சரிசெய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் அதற்கு இடம் இருக்கும். வீட்டுக்கு வந்த அழகு நிலையப் பெண் கடைசி நேரத்தில் 'நல்லாப் பிடிக்கும்' என்று வேறு பொடி எதையாவது கலக்க வந்தால் சம்மதிக்காதீர்கள். பின்னாளில் புதுப் பாக்கெட் பிரிக்கும்போது, கடையும் பெயரும் அதேதான் என்றாலும், கை மடிப்பில் மூன்று நாள் டெஸ்டை மறுபடியும் செய்யுங்கள்.